ஒரு தொடர், ஒரே முகம்: கரோசல் பதிவுகளுக்கு மாறாத டெம்பிளேட் அமைப்பது எப்படி?

கரோசல் தொடர் ஒன்றை ஆரம்பிக்கிறவர்கள் முதல் பதிவுக்குத்தான் ஆகக் கூடுதலாக உழைக்கிறார்கள். நிறம் பார்த்து, எழுத்துருப் பார்த்து, ஒவ்வொரு ஸ்லைடையும் வடிவாக அடுக்குகிறார்கள். இரண்டாவது பகுதியில் தலைப்பு கொஞ்சம் நீளம், அதனால் எழுத்தைச் சின்னதாக்குகிறார்கள். மூன்றாவதில் படம் இருட்டு, அதனால் பின்னணி நிறம் மாறுகிறது. ஐந்தாவது பகுதி வரும்போது அது வேறு யாரோ செய்த பதிவுபோல் இருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அந்த நேரத்தில் நியாயம் இருந்திருக்கும். எது மாறலாம், எது மாறவே கூடாது என்று ஆரம்பத்தில் முடிவு செய்யாததுதான் பிழை.

டெம்பிளேட் என்றால் அழகான முதல் பதிவு என்று பலர் நினைக்கிறார்கள். அந்த முடிவை எழுதி, பூட்டி வைத்திருப்பதைத்தான் நான் டெம்பிளேட் என்பேன். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு தொடரை எடுத்து முழுவதும் செய்து பார்ப்போம். மட்டக்களப்பின் அடையாளங்களைப் பற்றிய ஆறு பகுதித் தொடர். கல்லடிப் பாலம், கோட்டை, பாலமீன்மடு கலங்கரைவிளக்கம் என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் இடம், ஒவ்வொரு பகுதியிலும் எட்டு ஸ்லைடுகள். இன்ஸ்டகிராமுக்காகச் செய்கிறோம். கருவியாகக் கேன்வாவை எடுத்துக்கொள்கிறேன். வேறு கருவியில் செய்தாலும் அளவுகளும் கணக்கும் இவையே.

எது மாறாது, எது மாறலாம்

கேன்வாவைத் திறக்கும் முன் ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். நமது தொடருக்கு இடப்பக்கத்தில் வருபவை இவை: தாளின் அளவு, ஓர இடைவெளி, அடர் நிறமும் வெளிர் நிறமும், எழுத்துருவும் அதன் மூன்று அளவுகளும், தொடரின் பெயர் இருக்கும் இடம், ஸ்லைடு எண் இருக்கும் இடம், கீழே ஓடும் அலைக்கோடு. வலப்பக்கத்தில் நான்கே நான்கு: தலைப்பு, உரை, படம், ஒரேயொரு துணை நிறம்.

வலப்பக்கப் பத்தி நீண்டால் தொடர் சிதறும். அது முழுவதும் வெறுமையாக இருந்தால் ஆறு பகுதிகளும் ஒரே பதிவுபோல் தெரியும். பார்க்கிறவர் “இது ஏற்கெனவே பார்த்தது” என்று விரலைத் தள்ளிவிடுவார். பகுதிக்கு ஒரு நிறம் மாறினால் போதும். அதற்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

அளவும் ஓரமும்

தாளை 1080 × 1350 பிக்சலில் அமையுங்கள். இது 4:5 விகிதம், திரையில் நிறைய இடம் பிடிக்கும். கரோசலில் முதல் ஸ்லைடின் விகிதம்தான் மற்ற எல்லாவற்றுக்கும் என்பதால் ஒரு ஸ்லைடு சதுரம், இன்னொன்று நீளம் என்று கலக்க முடியாது. கலந்தால் சில ஸ்லைடுகளின் மேலும் கீழும் வெட்டுப்படும்.

நாலு பக்கமும் 90 பிக்சல் ஓரம் விடுங்கள். இதற்குக் காரணம் உண்டு. 2025இல் இன்ஸ்டகிராம் தன் சுயவிவரப் பக்கத்தில் இருந்த சதுரக் கட்டங்களை 3:4 ஆக்கியது. உயரம் 1350 ஆக இருக்கும் படத்தை 3:4க்குள் அடக்கினால் அகலம் ஏறக்குறைய 1012 ஆகும். அதாவது இரு பக்கமும் 34 பிக்சல் போய்விடும். ஓரத்தை ஒட்டித் தலைப்பு வைத்தவர்களுக்கு முதல் எழுத்தின் கால் வெட்டுப்படுவது இதனால்தான். 90 விட்டால், வெட்டுப்பட்ட பிறகும் 56 மிஞ்சும், கண்ணுக்கு நெருக்கடி தெரியாது.

உள்ளே மிஞ்சும் 900 பிக்சல் அகலப் பரப்பை மேலிருந்து கீழாக மூன்றாகப் பிரிக்கலாம். 90 முதல் 170 வரை தலைப்பட்டை, அதில் தொடரின் பெயரும் பகுதி எண்ணும். 200 முதல் 1110 வரை உடற்பகுதி. 1190 முதல் 1260 வரை அடிப்பட்டை, அதில் ஸ்லைடு எண்ணும் உங்கள் கணக்கின் பெயரும். உடலுக்கும் அடிப்பட்டைக்கும் இடையில் 1150இல் அலைக்கோடு ஓடும். கேன்வாவில் அளவுகோலையும் வழிகாட்டிக் கோடுகளையும் திறந்து, இந்த இடங்களில் கோடு இழுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நிறம்: மூன்றுக்கு மேல் வேண்டாம், ஆனால் மூன்றையும் அளந்து எடுங்கள்

நமது தொடருக்கு மாறாத நிறங்கள் இரண்டு. வாவியின் ஆழ்ந்த நீலப்பச்சை `#0F3D4C`, பழைய தாளின் வெளிர்மை `#FBF6EA`. மாறும் துணை நிறம் கல்லடிப் பாலப் பகுதிக்கு முற்றிய நெல்லின் மஞ்சள் `#E0A526`.

“கிட்டத்தட்ட இந்த நீலம்” என்று கண்ணால் பார்த்து எடுக்காமல் இந்த ஆறிலக்கக் குறியீட்டையே ஒவ்வொரு முறையும் தட்டச்சுச் செய்யுங்கள். படத்திலிருந்து நிறம் உறிஞ்சி எடுத்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு சாயல் விலகும். தனித்தனியாகப் பார்க்கும்போது தெரியாது. சுயவிவரப் பக்கத்தில் ஆறு கட்டங்களும் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது தெரியும்.

அடுத்தது, எந்த நிறம் எதன்மேல் நிற்கலாம் என்பது. இதற்கு ஒளிர்வு வேறுபாட்டு விகிதம் என்று ஓர் அளவு இருக்கிறது. இணைய அணுகல் தரமான டபிள்யூ.சி.ஏ.ஜி. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 கேட்கிறது. இரண்டு குறியீடுகளைக் கொடுத்தால் விகிதத்தைச் சொல்லும் இலவசக் கணிப்பான்கள் இணையத்தில் நிறைய உண்டு. நமது மூன்று நிறங்களுக்கும் வரும் விடையைப் பாருங்கள்:

வெளிர்மைமேல் நீலப்பச்சை ஏறக்குறைய 10.9:1. தாராளம், உரை எல்லாம் இதில்தான்.
நீலப்பச்சைமேல் மஞ்சள் ஏறக்குறைய 5.3:1. சிறிய எழுத்துக்கும் போதும்.
வெளிர்மைமேல் மஞ்சள் ஏறக்குறைய 2:1. பெரிய தலைப்புக்குக்கூடப் போதாது.

இந்த மூன்றாவது வரிதான் டெம்பிளேட்டில் விதியாக வேண்டும்: துணை நிறத்தில் எழுத்து வந்தால் அது அடர் பின்னணியில் மட்டும். வெளிர் பின்னணியில் துணை நிறம் கோடாகவோ பட்டையாகவோ வரலாம், எழுத்தாக வரக்கூடாது. நண்பகல் வெயிலில் கல்லடிக் கடற்கரையில் நின்று போனைப் பார்க்கிறவருக்கு 2:1 எழுத்து வெறும் கறையாகத்தான் தெரியும்.

இரண்டாம் பகுதியில் இந்த விதிக்கு முதல் சோதனை வருகிறது. கோட்டைக்கு என்ன நிறம்? கையில் வருவது செங்கல் சிவப்பு, `#B5482F`. தாளில் பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் நமது நீலப்பச்சைமேல் வைத்தால் 2.2:1 தான். இரண்டுமே அடர்ந்த நிறம் என்பதால் ஒன்றுக்குள் ஒன்று மூழ்கிவிடும். இந்த இடத்தில் பலர் பின்னணியை மாற்றிவிடுகிறார்கள், தொடர் அங்கேதான் உடைகிறது. பின்னணியில் கை வைக்காமல் துணை நிறத்தை வெளுக்க வேண்டும். அதே சிவப்பின் சாயலை ஒளியேற்றி `#F08A6B` ஆக்கினால் விகிதம் 4.8:1க்குக் கிட்ட வரும், செங்கல்லின் நினைவும் போகாது.

ஆகவே ஆறு துணை நிறங்களையும் முதல் பதிவு போடும் முன்பே தெரிவு செய்து, ஆறையும் நீலப்பச்சைமேல் அளந்து, 4.5ஐத் தாண்டியவற்றை மட்டும் எழுதி வையுங்கள். நாலாம் பகுதிக்கு வந்தபின் தேடினால் நேரம் நெருக்கும், கைக்கு வந்த நிறம்தான் போகும்.

அம்பாறைப் பக்கம் மருதமுனைக் கைத்தறிச் சேலைகளை விற்கிறவர்கள் இதே முறையை எடுத்தால் ஓர் இடத்தில் மட்டும் மாற வேண்டும். விற்கும் பொருளின் நிறமே அங்கே செய்தி. அடர் நீலப்பச்சைக்குப் பக்கத்தில் மாம்பழ மஞ்சள் சேலை உண்மையைவிடப் பளிச்சென்று தெரியும், வாங்கிப் பிரித்தவருக்கு ஏமாற்றமாகும். அவர்கள் எல்லா ஸ்லைடுக்கும் வெளிர் பின்னணியே வைத்து, அடர் நிறத்தை எழுத்துக்கு மட்டும் விடுவது நேர்மை. படத்துக்கு வடிகட்டி எதுவும் போடக்கூடாது.

எழுத்து

ஒரே எழுத்துருக் குடும்பம் போதும், தடிப்பில் வேறுபாடு காட்டலாம். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, அனெக் தமிழ் ஆகியவை கூகுள் எழுத்துருக்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. எல்லாம் யூனிகோட். இதை ஏன் சொல்கிறேன் என்றால் நமது பக்கத்தில் பாடசாலைகளிலும் சங்கங்களிலும் இருந்து வரும் பழைய ஆவணங்கள் இன்னும் பாமினியில் தட்டச்சுச் செய்யப்பட்டவை. அதை அப்படியே ஒட்டினால் மட்டக்களப்பு `kl;lf;fsg;G` என்று வரும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். பாமினி எழுத்துருவையே ஏற்றிச் சமாளிக்கலாம் என்று நினைத்தால், டெம்பிளேட்டை வேறொருவர் போனில் திறந்த நாளில் எழுத்தெல்லாம் குழம்பும்.

அளவுகள் மூன்று, எல்லாம் பிக்சலில்: தலைப்பு 84, உரை 44, பட்டைகளில் வருபவை 32. போன் திரையில் 1080 பிக்சல் அகலப் படம் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகச் சுருங்கித் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 44 என்பது அங்கே 14, 15 அளவுக்கு வரும். தமிழுக்கு அதற்குக் கீழே போனால் ‘ன’வும் ‘ண’வும் பிரித்தறியக் கண் கஷ்டப்படும்.

வரி இடைவெளி உரைக்கு 1.5, தலைப்புக்கு 1.4. ஆங்கில டெம்பிளேட்டுகளில் தலைப்பு 1.1 இல் இருக்கும். அதில் தமிழைப் போட்டால் மேல் வரியின் ‘கு’, ‘ழு’ என்பவற்றின் கீழ்ச்சுழியும் கீழ் வரியின் ‘கி’, ‘றீ’ என்பவற்றின் மேல்விலங்கும் முட்டும்.

டெம்பிளேட்டை ஆக நீளமான தலைப்பை வைத்துக் கட்டுங்கள். “கல்லடிப் பாலம்” எந்தப் பெட்டியிலும் அடங்கும். “பாலமீன்மடு கலங்கரைவிளக்கம்” இரண்டு வரியில் 900 பிக்சலுக்குள் அடங்குகிறதா என்று பார்த்துத்தான் 84 என்ற முடிவுக்கு வர வேண்டும். உரைக்கும் எல்லை வேண்டும்: எட்டு வரி. இரண்டு வரித் தலைப்பு 435 அளவில் முடியும், உரை 510இல் தொடங்கும், எட்டு வரி 66 வீதம் 528. அது 1038இல் முடிவதால் அலைக்கோட்டுக்கு மேலே மூச்சுவிட இடம் இருக்கும். ஒன்பதாவது வரி வந்தால் சொல்லைக் குறையுங்கள். எழுத்தின் அளவில் மட்டும் கை வைக்க வேண்டாம். ஒரு தடவை 44ஐ 40 ஆக்கிவிட்டால் அடுத்த பகுதியில் 38 ஆகும்.

திரும்பத் திரும்ப வருபவை

மூன்று போதும்: தொடரின் பெயர், கணக்கின் பெயர், அலைக்கோடு.

தொடரின் பெயரும் கணக்கின் பெயரும் எல்லா ஸ்லைடிலும் வர வேண்டும். அட்டையில் மட்டும் போட்டால் போதாது. முதல் ஸ்லைடை நிற்காமல் தள்ளிப் போனவருக்கு இன்ஸ்டகிராம் அதே பதிவை இரண்டாவது ஸ்லைடோடு திரும்பக் காட்டுவதுண்டு. அந்த ஆளுக்கு இரண்டாவதுதான் அட்டை. மேலும் யாராவது ஐந்தாவது ஸ்லைடை மட்டும் படம்பிடித்துக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். அந்த ஒற்றை ஸ்லைடு எங்கிருந்து வந்தது என்று அதுவே சொல்ல வேண்டும்.

அலைக்கோட்டுக்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும். ஸ்லைடைத் தள்ளும்போது இடது ஸ்லைடின் வலது விளிம்பும் வலது ஸ்லைடின் இடது விளிம்பும் ஒட்டி வரும். கோடு அங்கே முறியாமல் ஓடினால் எட்டு ஸ்லைடும் ஒரே நீர்ப்பரப்பாகத் தெரியும். அதற்கு இரண்டு நிபந்தனை. கோடு இடது விளிம்பில் நுழையும் உயரமும் வலது விளிம்பில் வெளியேறும் உயரமும் ஒன்றாக, 1150 ஆக, இருக்க வேண்டும். ஓர் அலையின் நீளம் 1080ஐ மீதியில்லாமல் வகுக்க வேண்டும். 360 பிக்சல் அலை என்றால் ஸ்லைடுக்குச் சரியாக மூன்று. 400 பிக்சல் அலை போட்டால் வலது விளிம்பில் கோடு பாதி அலையில் நிற்கும், அடுத்த ஸ்லைடில் குதிக்கும்.

இப்படிச் செய்வதில் இன்னொரு வசதியும் உண்டு. எல்லா ஸ்லைடிலும் அலை ஒன்றே என்பதால் நாலாவதையும் ஆறாவதையும் இடம் மாற்றினாலும் கோடு முறியாது. எட்டு ஸ்லைடுக்கும் ஒரே நீள ஓவியம் வரைந்து வெட்டுகிறவர்கள் இந்தச் சுதந்திரத்தை இழக்கிறார்கள். ஒரு ஸ்லைடை இடையில் சேர்த்தால் முழு ஓவியமும் கெடும்.

மட்டக்களப்பு மீன்பாடும் தேன்நாடு என்பதால் மீன் சின்னம் போட ஆசை வரும். போடுங்கள், ஆனால் கடைசி ஸ்லைடில் மட்டும். எல்லாவற்றிலும் போட்டால் அது வெறும் அலங்காரம். கடைசியில் மட்டும் வந்தால் இரண்டாம் பகுதியிலேயே வாசகருக்கு அது முடிவின் அடையாளமாகிவிடும்.

எண்: இரண்டு விதம், இரண்டு இடம்

ஆகக் கூடுதலான குழப்பம் எண்ணில்தான் வருகிறது. தொடருக்குள் இது எத்தனையாவது பகுதி என்பது ஓர் எண். பதிவுக்குள் இது எத்தனையாவது ஸ்லைடு என்பது இன்னோர் எண். இரண்டையும் ஒரே வடிவில், ஒரே மூலையில் போட்டால் “3” என்பது எது என்று விளங்காது.

பகுதி எண்ணைத் தலைப்பட்டையில் சொல்லோடு எழுதுங்கள்: “பகுதி 2”. ஸ்லைடு எண்ணை அடிப்பட்டையில் எழுதுங்கள்: “4/8”. மேல் வலது மூலையைத் தொட வேண்டாம், அங்கே இன்ஸ்டகிராம் தன் சொந்த எண்ணைச் சில விநாடி காட்டும். உங்கள் எண்ணும் அங்கே இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். படத்தின் அடி விளிம்பையும் ஒட்ட வேண்டாம். ஆட்களை இணைத்தால் கீழ் இடது மூலையிலும், பாட்டுச் சேர்த்தால் கீழ் வலது மூலையிலும் சிறு சின்னங்கள் வரும். நமது 90 பிக்சல் ஓரம் அவற்றைத் தவிர்க்க உதவும்.

அட்டைக்கு எண் போடுவதா? என் முடிவு: அட்டையை ஒன்று என்று எண்ண வேண்டும், ஆனால் அந்த எண்ணை அச்சிடத் தேவையில்லை. இரண்டாவது ஸ்லைடில் “2/8” என்று தொடங்கும். சிலர் அட்டையை விட்டுவிட்டு அடுத்ததை 1 என்று தொடங்குகிறார்கள். அப்போது மேலே இன்ஸ்டகிராம் “2/8” என்று காட்டும், கீழே நீங்கள் “1/7” என்று காட்டுவீர்கள். ஒரே திரையில் இரண்டு கணக்கு. “நாலாவது ஸ்லைடில் ஆண்டு பிழை” என்று யாராவது எழுதினால் எந்த நாலு என்று தேட வேண்டும்.

பதிவின் மொத்தத்தைப் போடுங்கள், தொடரின் மொத்தத்தைப் போடாதீர்கள். எட்டில் நாலு என்று தெரிந்தால் வாசகர் மிச்சத்தையும் பார்ப்பார். ஆனால் “பகுதி 2/6” என்று அச்சிட்டபின் ஏழாவதாக ஓர் இடம் சேர்க்க நினைத்தால் பழையதைத் திருத்த வழியில்லை. வெளியான பதிவில் விளக்க உரையைத் திருத்தலாம், படத்தை மாற்றிப் போட முடியாது.

உள்ளடக்கமே எண்ணிட்ட பட்டியலாக இருந்தால் மூன்றாவது எண்ணும் வந்து சேரும். “பார்க்க வேண்டிய ஐந்து இடங்கள்” என்ற பதிவில் முதல் இடம் இரண்டாவது ஸ்லைடில் வரும். அங்கே பட்டியல் எண்ணைச் சொல்லாக எழுதுங்கள்: முதலாவது, இரண்டாவது. இலக்கம் ஸ்லைடுக்கு மட்டும் உரியதாக இருக்கட்டும்.

எண்ணுக்குப் பக்கத்தில் எட்டுச் சிறு கோடுகள் போட்டு, கடந்தவற்றை மட்டும் துணை நிறத்தில் நிரப்பிக் காட்டவும் விரும்புவார்கள். 900 அகலத்தில் 12 பிக்சல் இடைவெளி ஏழு விட்டால் ஒரு கோடு (900 − 84) ÷ 8 = 102 பிக்சல். இது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் எல்லாப் பகுதியும் எட்டு ஸ்லைடாகவே இருந்தால்தான் இந்த வேலை பொறுக்கும். ஒரு பகுதி ஒன்பது என்றால் கோடுகளை எல்லாம் திரும்ப அளக்க வேண்டும்.

எண்களைக் கடைசியாகத்தான் தட்டச்சுச் செய்ய வேண்டும். வரிசை உறுதியாகும் வரை எல்லா ஸ்லைடிலும் “0/0” என்று விட்டு வையுங்கள். மறந்துபோனால் “0/0” கண்ணில் குத்தும். “5/8” இரண்டு தடவை வந்தால் கண் தாண்டிப் போய்விடும்.

மூலப் பிரதியைக் கட்டுதல்

கேன்வாவில் 1080 × 1350 அளவில் புதிய வடிவமைப்புத் திறந்து நான்கே பக்கம் செய்யுங்கள்: அட்டை, எழுத்து ஸ்லைடு, பட ஸ்லைடு, முடிவு. அட்டையும் முடிவும் நீலப்பச்சைப் பின்னணியில், நடு இரண்டும் வெளிர்மையில். பட ஸ்லைடில் படத்தின் சட்டம் 900 × 675, மேலிருந்து 200இல் தொடங்கி 875இல் முடியும். இது 4:3 விகிதம், போன் கமராவின் வழக்கமான விகிதமும் அதுதான். கிடையாக எடுத்த படம் வெட்டுப்படாமல் அமரும். கீழே 925இலிருந்து இரண்டு வரி விளக்கம்.

எழுத்து ஸ்லைடை முடித்தபின் அதையே நகலெடுத்துப் பட ஸ்லைடைச் செய்யுங்கள். பட்டைகளைக் கையால் திரும்ப வைக்க வேண்டாம், இரண்டு மூன்று பிக்சல் விலகும். பிறகு இடப்பக்கப் பத்தியில் எழுதிய ஒவ்வொன்றையும் தெரிவு செய்து `Lock` கொடுங்கள். தலைப்பு, உரை, படச்சட்டம், எண் ஆகியவை மட்டும் திறந்திருக்கட்டும்.

இந்தக் கோப்புக்கு `MATTU_MASTER_v1` என்று பெயர் வைத்து, அதில் எந்தப் பகுதியையும் செய்யாதீர்கள். ஒவ்வொரு பகுதிக்கும் இதிலிருந்து நகல் எடுங்கள். போன வாரப் பகுதியை நகலெடுத்து உரையை மாற்றுவது சுலபம் என்பது உண்மை. ஆனால் போன வாரம் அவசரத்தில் நகர்த்திய பெட்டியும் அதோடு வரும், அதற்கு மேல் இந்த வார அவசரமும் சேரும். நான் பார்த்த தொடர்கள் பலவும் இப்படித்தான் மெல்ல மெல்ல விலகின.

இரண்டாம் பகுதியைச் செய்து பார்ப்போம்: கோட்டை

மூலப் பிரதியை நகலெடுத்து `MATTU_02` என்று பெயரிடுங்கள். மஞ்சளைத் தெரிவு செய்து `#F08A6B` கொடுங்கள். நிறம் மாற்றும்போது வரும் `Change all` பொத்தானை அழுத்தினால் எல்லாப் பக்கத்திலும் ஒரேயடியாக மாறும். தலைப்பட்டையில் “பகுதி 2”.

எட்டு ஸ்லைடும் இப்படி அமையும். முதலாவது அட்டை, “மட்டக்களப்புக் கோட்டை”. இரண்டாவது எழுத்து ஸ்லைடு: புளியந்தீவில் வாவியை ஒட்டி இருக்கிறது என்ற இடக்குறிப்பு. இரண்டாவதை முதலில் பார்க்கிறவரும் இருப்பார் என்பதால் “இது” என்று தொடங்காமல் “மட்டக்களப்புக் கோட்டை” என்றே தொடங்க வேண்டும். மூன்றாவது வாவிப் பக்கமிருந்து எடுத்த படம். நாலாவது, 1628இல் போர்த்துக்கேயர் கட்டியது. ஐந்தாவது, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றியது. ஆறாவது, மதிலும் கொத்தளங்களும் தெரியும் படம். ஏழாவது, பின்னாளில் மாவட்டச் செயலகமான கச்சேரி கோட்டைக்குள் இயங்கிய கதை. எட்டாவது முடிவு, மீன் சின்னத்தோடு “அடுத்து: பாலமீன்மடு கலங்கரைவிளக்கம்”.

இங்கே நாலாவதும் ஐந்தாவதும் ஆண்டை மையமாகக் கொண்டவை. ஆண்டைத் தலைப்பின் இடத்தில் அதே 84 அளவில் வையுங்கள். ஆண்டுக்கென்று புதிய பெரிய எழுத்து, புதிய ஸ்லைடு வகை என்று ஆசைப்பட்டால் நாலு வகை ஐந்தாகும். ஆறு பகுதிகளிலும் அந்த வகை தேவைப்படும் என்றால் மூலப் பிரதியிலேயே சேருங்கள். இந்த ஒரு பகுதிக்கு மட்டும் என்றால் விட்டுவிடுங்கள்.

படங்கள் இரண்டும் வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்தவையாக இருக்கும். காலை வாவி நீலமாகவும் மாலை மதில் செம்மையாகவும் தெரியும். ஒரு பகுதிக்குள் வரும் படங்களையாவது ஒரே நேரத்தில் எடுக்கப் பாருங்கள். முடியாவிட்டால் ஒளியையும் வெம்மையையும் கையால் சமன் செய்யுங்கள். ஒரே வடிகட்டியை இரண்டுக்கும் போடுவது இதைத் தீர்க்காது, ஏற்கெனவே செம்மையானது இன்னும் செம்மையாகும்.

போடுமுன் பார்ப்பது

எட்டு ஸ்லைடையும் இறக்கி, `02_01.png`, `02_02.png` என்று பெயரிட்டுப் போனுக்கு மாற்றுங்கள். இன்ஸ்டகிராமில் நீங்கள் எந்த வரிசையில் தொடுகிறீர்களோ அந்த வரிசையில்தான் ஏறும்.

பிறகு போனின் படத்தொகுப்பில் முதலாவதைத் திறந்து, உரையை வாசிக்காமல் வேகமாகத் தள்ளிக்கொண்டே போங்கள். கண்ணைத் தலைப்பட்டையில் மட்டும் வையுங்கள். தொடரின் பெயர் ஆடாமல் நிற்க வேண்டும். எங்காவது துள்ளினால் அந்த ஸ்லைடில் பெட்டி நகர்ந்திருக்கிறது. கேன்வாவில் `Position` பகுதியில் அதன் எண்களை மற்ற ஸ்லைடோடு ஒப்பிட்டால் எத்தனை பிக்சல் என்று தெரியும். அடுத்த தடவை கண்ணை அடிப்பட்டையில் வைத்துத் தள்ளுங்கள்: எண் ஒவ்வொன்றாக ஏறுகிறதா, அலை முறிகிறதா என்று பார்க்க.

கடைசியாக, போனைச் சாம்பல் நிறத் திரைக்கு மாற்றி அட்டையைப் பாருங்கள். தலைப்பு அப்போதும் தெளிவாக நின்றால் நிறத்தேர்வு சரி.

இடையில் மாற்ற வேண்டி வந்தால்

மூன்று பகுதி வெளியானபின் உரை எழுத்து சின்னதாக இருக்கிறது என்று பலர் சொல்லக்கூடும். அல்லது தொடரைத் தமிழோடு சிங்களத்திலும் போட வேண்டி வரலாம், அப்போது தலைப்பட்டையில் இடம் போதாது. உண்மையான தேவை என்றால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் பகுதி நாலில் மட்டும் மாற்றாதீர்கள். மூலப் பிரதியை நகலெடுத்து `MATTU_MASTER_v2` ஆக்கி, அதில் மாற்றி, மேலே சொன்ன அளவுகளை எல்லாம் திரும்பச் சரிபார்த்து, அதிலிருந்து நாலாம் பகுதியை எடுங்கள். உரையை 48 ஆக்கினால் வரி 72 ஆகும். எட்டு வரி 576 எடுத்து 1086இல் முடியும், அலையின் மேட்டுக்கு மிக அருகில். ஆகவே எல்லை ஏழு வரியாகும். அந்தப் புதிய எல்லையையும் தாளில் எழுதி, v1ஐ அழிக்காமல் தனியாக வையுங்கள், பழைய பகுதி ஒன்றை வேறு தளத்துக்கு மீண்டும் இறக்க வேண்டி வந்தால் அது தேவைப்படும்.